திரையில் எங்கே பார்ப்பது?

ஒரு சிறிய தையற்கூடத்தின் கூலிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கூகுள் ஷீட்ஸில் A நெடுவரிசையில் மூன்று பேரின் பெயர்கள், B-இல் அவர்கள் வேலை செய்த நாட்கள்: 6, 5, 4. நாள் கூலி 600 ரூபாய், E1 என்ற செல்லில் தனியாக இருக்கிறது. C2-இல் கீழுள்ள ஃபார்முலாவைத் தட்டினால் 3600 வருகிறது.

```
=B2*E1
```

சரியான விடைதான். அதை அப்படியே கீழே இழுத்து மற்ற இருவருக்கும் நிரப்பினால் 0, 0 என்று வருகிறது. காரணம் எளியது. ஒரு வரிசை கீழே இறங்கும்போது B2 என்பது B3 ஆவதைப் போல, E1 என்பதும் E2 ஆகிவிடுகிறது. E2 காலியான செல். E1-ஐ நகரவிடாமல் பிடித்துவைக்க டாலர் குறி வேண்டும்.

```
=B2*$E$1
```

இதைக் கற்றுத்தர நான்கு நிமிடத்தில் ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங் வீடியோ எடுக்க வேண்டும். பாடத்தில் சிக்கல் ஒன்றுமில்லை, சிக்கலெல்லாம் கண்ணுக்குத்தான். பாடம் முழுவதும் நான்கு சின்னஞ்சிறு விஷயங்களில் அடங்கியிருக்கிறது: 1 என்ற எண் 2 ஆக மாறுவது, செல்லின் மூலையில் உள்ள நீலப் புள்ளி, டாலர் குறி, `F4` என்ற கீ. இவற்றில் கடைசியானது திரையில் தெரியவே தெரியாது. மற்ற மூன்றும் தெரிந்தும் தெரியாத அளவில் இருக்கின்றன.

எவ்வளவு சிறியவை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ. ஆறரை அங்குல போனைப் படுக்கவாட்டில் பிடித்தால் வீடியோவின் அகலம் சுமார் 12 செ.மீ. ஆக, எடுப்பவர் பார்க்கும் படத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான அகலத்தில்தான் பார்ப்பவர் பார்க்கிறார். நம் திரையில் இரண்டரை மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து அவர் கையில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவருக்கு அதுவும் இல்லை. எடுப்பவருக்கு இந்தக் குறை ஒருபோதும் தோன்றுவதில்லை. அவர் முன்னால் பெரிய திரை இருக்கிறது, எங்கே பார்க்க வேண்டும் என்பதும் அவருக்கு முன்பே தெரியும்.

ஜூமும் ஹைலைட்டும் இந்த இடத்தில்தான் தேவைப்படுகின்றன. ஆனால் பலர் இரண்டையும் ஒரே வேலைக்கு உரியவையாக நினைத்து, எடிட்டிங்கின்போது கை போன இடத்தில் சேர்க்கிறார்கள். இரண்டின் வேலையும் வேறு. எழுத்து படிக்க முடியாத அளவில் இருந்தால் ஜூம் வேண்டும். படிக்க முடிகிறது, ஆனால் பல பொருள்களுக்கு நடுவே எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது என்றால் ஹைலைட் வேண்டும். படிக்கவும் முடிகிறது, கண்ணும் தானாக அங்கே போகிறது என்றால் இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டால், சேர்க்க நினைத்த அலங்காரங்களில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

ஜூமுக்கு ஒரு விலை உண்டு. படம் பெரிதாகும் அந்த நொடியில் சுற்றியிருப்பவை மறைந்துவிடுகின்றன. பெட்டி எந்த மெனுவின் கீழ் இருந்தது, எந்தத் தாளில் இருக்கிறோம் என்பதெல்லாம் பார்ப்பவர் நினைவில் மட்டுமே இருக்கும். அதனால் முழுத்திரை, ஜூம், மீண்டும் முழுத்திரை என்ற வரிசையை விடக்கூடாது. ஒரு ஜூமிலிருந்து தொலைவிலுள்ள இன்னொரு ஜூமுக்கு நேராகத் தாவினால் கற்பவர் இடம் தெரியாமல் திகைத்துப்போவார். அருகருகே உள்ள இடங்கள் என்றால் ஜூம் அளவை மாற்றாமல் படத்தை மெல்ல நகர்த்தினால் போதும்.

இவ்வளவு தாவல்கள் ஏன் தேவைப்படுகின்றன என்று யோசித்தால், விடை ரெக்கார்டிங்குக்கு முந்தைய தயாரிப்பில் இருக்கும். நம் கூலிக் கணக்கில் 600 என்ற எண்ணை E1-இல் வைத்தது தற்செயலாக அல்ல. அதை P1-இல் வைத்திருந்தால் பாடம் மாறாது, ஆனால் C2-வையும் P1-ஐயும் ஒரே ஜூமுக்குள் கொண்டுவர முடியாது. கூகுள் ஷீட்ஸில் ஒரு நெடுவரிசையின் வழக்கமான அகலம் 100 பிக்சல். ரெக்கார்டிங்குக்கு முன்பே `Ctrl` கீயையும் `+` கீயையும் சேர்த்து அழுத்தி பிரவுசரை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிவிட்டால் ஒரு நெடுவரிசை 150 பிக்சல் ஆகும். A முதல் E வரை, இடதுபுற வரிசை எண்களையும் சேர்த்து, 850 பிக்சலுக்குள் முடிந்துவிடும். 1920-க்கு 1080 அளவுள்ள திரையை 200 சதவீதம் ஜூம் செய்தால் கிடைக்கும் சட்டம் 960-க்கு 540. ஐந்து நெடுவரிசைகளும், மேலே ஃபார்முலா தெரியும் பட்டையும், கீழே நான்கைந்து வரிசைகளும் அதற்குள் தாராளமாக அடங்கும். பாடத்தின் நடுப்பகுதி முழுவதையும் ஒரே ஜூமில் நடத்திவிடலாம். பிரவுசரில் ஒன்றரை மடங்கு, எடிட்டிங்கில் இரண்டு மடங்கு, மொத்தம் மூன்று மடங்கு. போனில் அரை மில்லிமீட்டராக இருந்த எழுத்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும்.

எல்லாவற்றையும் எடிட்டிங்கிலேயே மூன்று மடங்காக்கிவிட்டால் என்ன? 1080-இல் எடுத்த படத்தை 1080 வீடியோவுக்குள் மூன்று மடங்கு இழுத்தால் ஒரு பிக்சல் ஒன்பதாக விரியும், எழுத்தின் ஓரங்கள் மங்கிப்போகும். இரண்டு மடங்கு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு. திரை 4கே என்றால் 4கே-யில் ரெக்கார்ட் செய்து 1080 டைம்லைனில் போடலாம், இரண்டு மடங்கு ஜூம் வரை கூர்மை சற்றும் குறையாது. அப்படிப்பட்ட திரை இல்லாதவர்கள் மென்பொருளுக்குள்ளேயே எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதுதான் வழி. அப்படிச் செய்யும்போது எழுத்து புதிதாக வரையப்படுகிறது, இழுக்கப்படுவதில்லை.

அடுத்து ஸ்கிரிப்ட். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிடம். ஸ்கிரிப்ட் இரண்டு பத்திகளில் எழுதப்படும். ஒன்றில் திரையில் நடப்பது, மற்றதில் அதற்கு நேரே பேசப்படும் வரி. மாணவர் திரையின் ஒரு பக்கம் வீடியோவையும் மறுபக்கம் மென்பொருளையும் திறந்துவைத்து, பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் முறை. அந்த இரண்டு பத்திகளோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: இந்த வரி பேசப்படும்போது பார்ப்பவரின் கண் எங்கே இருக்க வேண்டும்? ‘C3 செல்லைப் பாருங்கள், பூஜ்யம் வந்திருக்கிறது’ என்ற வரிக்கு நேரே ‘C3’ என்று எழுதுவது எளிது. ‘ஏன் என்று பார்ப்போம், அதன் ஃபார்முலாவில் E1 இருந்த இடத்தில் E2 வந்துவிட்டது’ என்ற வரியில்தான் உண்மை வெளிப்படும். இங்கே கண் C3-இலிருந்து மேலே ஃபார்முலா பட்டைக்குப் போய், அங்கிருந்து காலியான E2-வுக்கு வர வேண்டும். ஒரே வாக்கியத்துக்குள் மூன்று இடங்கள். எந்த ஜூமும் ஹைலைட்டும் இதைக் காப்பாற்றாது. வாக்கியத்தை மூன்றாக உடைக்க வேண்டும். மூன்றாவது பத்தியால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். எடிட்டிங்கில் திணற வேண்டிய இடங்களைப் பேனாவிலேயே தீர்த்துவிடலாம்.

சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் மேயர், படமும் பேச்சும் சேர்ந்த பாடங்களை மனம் எப்படி வாங்கிக்கொள்கிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவர் கண்டவற்றில் இரண்டு இங்கே நேராகப் பொருந்துகின்றன. முக்கியமான இடத்துக்கு அடையாளம் காட்டினால் கற்றல் மேம்படுகிறது. சொல்லும் அதற்குரிய படமும் ஒரே நேரத்தில் வந்தால் மேம்படுகிறது, முன்பின்னாக வந்தால் குறைகிறது.

அந்த ‘ஒரே நேரம்’ என்பதில் தமிழுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ‘செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் நீலப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுங்கள்’ என்று இயல்பாகச் சொல்லும்போது இடம் முதலில் வருகிறது, பொருள் அடுத்து, செயல் கடைசியில். கண் தேடுகிறது, கண்டுகொள்கிறது, பிறகு கை நகர்கிறது. பார்ப்பவருக்குத் தேவையான வரிசையும் இதுவே. ஆகவே ‘வலது கீழ் மூலையில்’ என்னும்போதே ஹைலைட் வந்துவிட வேண்டும், ‘இழுங்கள்’ என்று முடிந்த பிறகே மவுஸ் நகர வேண்டும். ஆங்கில ஸ்கிரிப்டைப் பின்பற்றி எடுத்த படத்தின் மேல் தமிழ்க் குரலை ஏற்றினால் இது குலைந்துவிடுகிறது. அங்கே ‘இழு’ என்ற சொல் முதலில் வருவதால் படத்திலும் இழுப்பது சீக்கிரம் நடந்து முடிகிறது. தமிழ்க் குரல் மூலையைச் சொல்லி முடிப்பதற்குள் மூலை காலியாகிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் படத்தை ஓரிரு நொடி உறைய வைத்துவிட்டு, சொல் முடிந்தபின் ஓடவிட வேண்டும்.

நான்கு நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? முதல் பத்துப் பதினைந்து நொடியில் இரண்டு பூஜ்யங்களைக் காட்டிவிட வேண்டும். லோகோ, இசை, ‘வணக்கம் நண்பர்களே’ எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சிக்கலோடு வந்தவர் தன் திரையில் கண்ட அதே பூஜ்யத்தை இங்கே பார்த்ததும் தங்கிவிடுவார். அதன் பிறகு முழுத்திரையில் தாளை அறிமுகம் செய்ய வேண்டும்: பெயர், நாட்கள், கூலி, E1. இந்தப் பகுதியில் ஜூம் கூடாது, இதுதான் பார்ப்பவர் மனத்தில் வரைந்துகொள்ளும் வரைபடம். அடுத்து 200 சதவீத ஜூமுக்குள் போய், ஃபார்முலாவைத் தட்டி, கீழே இழுத்து, பூஜ்யம் வரவைத்து, காரணத்தை விளக்கி, டாலர் குறி போட்டு, மறுபடி இழுத்து 3000, 2400 என்ற சரியான விடைகளைக் காட்டுவது வரை ஒரே சட்டம். பிறகு முழுத்திரைக்குத் திரும்பி, E1-இல் 600-ஐ 650 ஆக்க வேண்டும். மூன்று கூலிகளும் ஒரே நேரத்தில் மாறுவதைப் பார்க்கும்போது டாலர் குறி எதற்கு என்பது சொல்லாமலே புரியும். `E$1`, `$E1` என்ற வகைகளும் உண்டு. அவற்றை இந்த வீடியோவில் நுழைக்கவே கூடாது, அவை வேறு சிக்கலுக்கான வேறு பாடம்.

ரெக்கார்ட் செய்யும்போது மவுஸைக் கட்டுக்குள் வைப்பதே பெரும்பாடு. திரையில் நகரும் எதுவும் கண்ணை இழுக்கும். எவ்வளவு தடித்த கட்டம் போட்டாலும், பக்கத்தில் கர்சர் வட்டமடித்தால் கர்சரே ஜெயிக்கும். பேசும்போது கர்சர் அசையாமல் நிற்க வேண்டும். நகரும்போது நேர்கோட்டில் நிதானமாகப் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு செயலுக்கு முன்னும் பின்னும் இரண்டு நொடி சும்மா விட்டால், ஜூம் உள்ளே போகவும் வெளியே வரவும் எடிட்டிங்கில் இடம் கிடைக்கும். கூகுள் ஷீட்ஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் ஃபார்முலாவைத் தட்டியதும் மற்ற செல்களைத் தானே நிரப்பட்டுமா என்று கேட்டு ஒரு சிறு பெட்டி எழும். பாடம் இழுப்பதைப் பற்றியது என்பதால், அந்தப் பரிந்துரையை முன்கூட்டியே அணைத்துவைப்பது நல்லது. முழுத்திரைக் காட்சிகளில் நம் மின்னஞ்சல் முகவரியும் மற்ற டேப்களின் தலைப்புகளும் தெரியும், ஆகவே தனி பிரவுசர் ப்ரொஃபைலில் எடுப்பதே பாதுகாப்பு.

எடிட்டிங்கில் ஜூம் என்பது கீஃப்ரேம்களால் ஆனது. இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவில் `Transform` என்ற எஃபெக்ட் இதைச் செய்யும், பிற மென்பொருள்களிலும் வேறு பெயரில் இது இருக்கிறது. ஒரு ஜூமுக்கு நான்கு கீஃப்ரேம் வேண்டும். பெரிதாகத் தொடங்கும் இடம், பெரிதாகி முடியும் இடம், திரும்பத் தொடங்கும் இடம், திரும்பி முடியும் இடம். புதிதாகச் செய்பவர்கள் விட்டுவிடுவது மூன்றாவதை. அது இல்லையென்றால் இரண்டாவதிலிருந்து நான்காவது வரை படம் நொடிக்கு நொடி கண்ணுக்குத் தெரியாமல் சுருங்கிக்கொண்டே போகும். பார்ப்பவருக்கு என்னவென்று தெரியாது, ஆனால் எழுத்தின் மேல் கண் நிற்காது. நிற்க வேண்டிய இடத்தில் படம் மெல்ல மிதப்பதுபோல் தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது கீஃப்ரேமைத்தான். ஜூம் நிகழும் நேரம் அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரை இருக்கலாம். அதைவிட வேகமானால் வெட்டியதுபோல் இருக்கும், மெதுவானால் காத்திருக்க வேண்டியதாகும். அந்த நேரத்தில் கர்சரும் அசையக் கூடாது, புதிய செய்தியும் பேசக் கூடாது.

சட்டத்தை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நீலப் புள்ளி C2-இல் இருக்கிறது என்பதற்காக C2-வை நடுவில் வைத்து நெருக்கமாக ஜூம் செய்தால், இழுக்கும்போது கை சட்டத்துக்கு வெளியே போய்விடும். செயல் தொடங்கும் இடத்தோடு அது முடியும் இடத்தையும் பார்த்துத்தான் சட்டம் கட்ட வேண்டும்.

இனி ஹைலைட். நம் பாடத்தில் அது தேவைப்படுவது மிகச் சில இடங்களில்தான். நீலப் புள்ளிக்கு ஒரு வட்டம் அல்லது கட்டம். காலியான E2-வைக் காட்ட, அதைத் தவிர மற்ற பகுதியைப் பாதியளவு இருட்டாக்கும் ஸ்பாட்லைட். ஒன்றுமில்லாத ஒரு செல்லைக் கவனிக்கச் சொல்லும்போது ஸ்பாட்லைட்தான் சரியாக வேலை செய்யும். வெற்றிடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டால் ஏதோ எழுதப்போகிறோம் என்று தோன்றிவிடும். மாறாக, ஃபார்முலாவில் E1, B2 எங்கே சுட்டுகின்றன என்று காட்ட நாம் எதுவும் சேர்க்க வேண்டாம். ஃபார்முலாவைத் திருத்தத் திறந்ததும் கூகுள் ஷீட்ஸே ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு நிறம் தந்து, அதே நிறத்தில் உரிய செல்லைச் சுற்றிக் கட்டம் போடுகிறது. அதன் மேல் நாம் சிவப்புக் கட்டம் போட்டால், மென்பொருள் தானாகக் காட்டும் உறவை நாமே மறைத்துவிடுவோம். கற்பவர் நாளை தனியாக உட்காரும்போது நம் சிவப்புக் கட்டம் அங்கே இருக்காது, மென்பொருளின் நிறங்கள் இருக்கும். அவற்றைப் படிக்கக் கற்றுத்தருவதே நல்லது.

`F4` கீயை அழுத்துவது திரையில் தெரியாது என்பதால் அதற்கு ஒரு கீ படம் கட்டாயம் வேண்டும். அழுத்தும் நொடியில் அது வர வேண்டும், டாலர் குறிகள் தோன்றிய பிறகும் ஒரு நொடி நிற்க வேண்டும். அதை எங்கே வைப்பது? வீடியோவின் அடிப்பகுதியில் சப்டைட்டில் வரும், நிறுத்தினால் யூடியூபின் பட்டையும் வரும். ஆகவே ஃபார்முலாவுக்கு அருகில் காலியாக உள்ள செல்களின் மேல் வைக்கலாம். பல லேப்டாப்களில் `Fn` கீயையும் சேர்த்து அழுத்தினால்தான் `F4` வேலை செய்யும். இதைச் சொல்லாமல் விட்டால் நிறையப் பேர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். டாலர் குறியைக் கையால் தட்டினாலும் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

கட்டத்தின் கோடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. டேட்டா மிச்சப்படுத்த 360 அளவில் பார்ப்பவருக்கு 1080 வீடியோ மூன்றில் ஒரு பங்காகிறது. நாம் போட்ட இரண்டு பிக்சல் கோடு அங்கே ஒரு பிக்சல்கூட இருக்காது, நிறம் வெளுத்துக் கரைந்துவிடும். ஆறு பிக்சல் போட்டால் இரண்டாவது மிஞ்சும்.

வெளியிடுவதற்கு முன் வீடியோவை 360 அளவில், சொந்த போனில், கையை நீட்டிப் பிடித்து ஒருமுறை பார்க்க வேண்டும். அடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். குரல் இல்லாமலே கண் சரியான இடங்களுக்குப் போகிறதென்றால் ஹைலைட்டுகள் வேலை செய்கின்றன. அதன்பின் இந்தப் பாடம் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீடியோவைப் பார்த்து அவரே செய்யும்படி விட வேண்டும். அவர் எங்கே நிறுத்துகிறார், எங்கே பின்னால் போகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளலாம், உதவி மட்டும் செய்யக் கூடாது. தட்டிக்கொண்டே பார்ப்பதற்காக நிறுத்துவது வேறு, தவறவிட்டதைத் தேடிப் பின்னால் போவது வேறு. இரண்டாவது வகை நிகழும் இடத்தில்தான் ஜூமோ ஹைலைட்டோ தாமதமாக வருகிறது.

வெளியிட்ட பிறகும் இதே செய்தி வேறு வடிவில் கிடைக்கும். யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எவ்வளவு தூரம் தங்குகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தில் சில இடங்கள் மேடாக எழும். அந்த இடத்தைப் பலர் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். டாலர் குறி போடும் நொடியில் மேடு இருந்தால் இயல்பு, அதுதான் பாடத்தின் மையம். தாளை அறிமுகம் செய்யும் பகுதியில் மேடு இருந்தால், முழுத்திரையில் எழுத்து படிக்க முடியவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்த முறை பிரவுசரை 150-க்குப் பதில் 175 சதவீதத்தில் வைத்து அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுக்கலாம். ஆனால் யூடியூபில் ஏற்றிய வீடியோவில் ஒரு துண்டை மட்டும் மாற்றிப் பொருத்த முடியாது, புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு படியையும் தனி க்ளிப்பாக, தனி ஒலித் துண்டாக எடுத்துவைக்கச் சொல்கிறேன். கூகுள் ஷீட்ஸின் முகப்பு மாறும் நாளில் மாறிய படியை மட்டும் புதிதாக ரெக்கார்ட் செய்து, பழைய டைம்லைனில் அதே இடத்தில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஏற்றிவிடலாம்.